பொருள் பட்டியலில் விடுபட்டுப்போகும் வயது

சென்னையின் தகவல் தொழில்நுட்ப வழித்தடங்களை ஒட்டிய பகுதிகளில் அறைகலன்களோடு வாடகைக்கு விடப்படும் வீடுகள் பெருகிவிட்டன. கட்டில், மெத்தை, சோபா, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், ஏ.சி. ஆகிய அனைத்தும் உள்ளேயே இருக்கும். குடிவருபவர் துணிமணிகளோடும் பாத்திரங்களோடும் வந்தால் போதும். இத்தகைய வீடுகளுக்கான வாடகை ஒப்பந்தத்தின் கடைசியில் ஒரு தாள் இணைக்கப்பட்டிருக்கும். 'சோபா செட் - 1, பிரிட்ஜ் - 1, கட்டில் - 2, மெத்தை - 2' என்று எண்ணிக்கை மட்டும் அதில் இருக்கும். அடியில், 'மேற்கண்ட பொருள்கள் அனைத்தும் நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டன. குடியிருப்பவர் காலி செய்யும்போது அதே நிலையில் திருப்பித் தர வேண்டும்' என்ற ஒரு வரி. இரு தரப்பும் அதைப் படிக்காமலே கையொப்பமிடுகிறார்கள்.

பல ஆயிரம் ரூபாய் முன்பணத்தின் விதி பிற்பாடு அந்த ஒற்றை வரியில்தான் தீர்மானிக்கப்படுகிறது. அந்த வரி ஓர் இயலாத காரியத்தைக் கோருகிறது. நான்காண்டுகள் பயன்படுத்தப்பட்ட மெத்தையை 'அதே நிலையில்' எவராலும் திருப்பித் தர முடியாது. எனவே, காலி செய்யும் நாளில் எழும் உண்மையான கேள்வி பொருள் இருக்கிறதா, இல்லையா என்பதன்று. அந்தப் பொருளின் ஆயுளில் எவ்வளவு எஞ்சியிருந்தது, அதில் எவ்வளவைக் குடியிருந்தவர் தம் தவறால் அழித்தார் என்பதே கேள்வி. பொருளின் வயதைக் குறிக்காத பட்டியலால் இதற்கு விடை சொல்ல முடியாது.

சட்டம் எங்கே நிற்கிறது?

வீட்டைப் பொறுத்தவரை சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108-ஆவது பிரிவில், குத்தகைதாரர் சொத்தைத் தாம் பெற்ற நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்கிறது. ஆனால், நியாயமான தேய்மானத்தாலும் தடுக்கவியலாத இயற்கைச் சக்தியாலும் ஏற்படும் மாற்றங்களுக்கு விலக்கு அளிக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, சொத்து உரிமையாளர்கள் - வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டமும் இயல்பான தேய்மானத்துக்கு இடமளிக்கிறது. வேறு உடன்பாடு இல்லாத நிலையில் முன்பணம் மூன்று மாத வாடகையை மீறக் கூடாது என்றும், காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தங்கள் போக, அதைத் திருப்பித் தர வேண்டும் என்றும் இச்சட்டம் சொல்கிறது.

அறைகலன்களின் நிலை இவ்வளவு தெளிவானதன்று. பழைய 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், உரிமையாளர் அளிக்கும் அறைகலன்களையும் 'கட்டடம்' என்ற சொல்லின் வரையறைக்குள் வெளிப்படையாகவே சேர்த்திருந்தது. அச்சட்டம் இப்போது இல்லை. சோபாவும் சலவை இயந்திரமும் நகரும் பொருள்கள். பிறர் பொருளைப் பயன்பாட்டுக்காகப் பெற்று வைத்திருப்பவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் பொருளைப் பேணுவதுபோல் அதைப் பேணினால் போதும்; அவ்வாறு பேணியும் கெட்டுப்போனால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, அவர் பொறுப்பல்ல. இது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 151, 152-ஆவது பிரிவுகளில் வகுத்திருக்கும் பொதுநெறி.

இதற்கு எதிர்த்திசையில் இழுக்கும் ஒரு விதியும் உண்டு. 2017-ஆம் ஆண்டு சட்டத்தின் இரண்டாவது அட்டவணை, பராமரிப்புப் பொறுப்புகளை இரு தரப்புக்கும் பிரித்துத் தருகிறது. கட்டமைப்புப் பழுது, வெள்ளையடித்தல், குழாய் மாற்றுதல், மின்கம்பிப் பணி ஆகியவை உரிமையாளர் பக்கம். தண்ணீர்க் குழாயின் வாஷர், கீசர் பழுது, சுவிட்ச், பூட்டு, சன்னல் கண்ணாடி ஆகியவை குடியிருப்பவர் பக்கம். அந்தக் குடியிருப்பவர் பட்டியலில்தான் மின்சாதனங்களின் பழுதுநீக்கமும் மாற்றீடும் என்ற சொற்களும் இடம்பெற்றுள்ளன. சுவரோடு பொருத்தப்பட்ட சாதனங்களை மட்டும் இது குறிக்கிறதா, நகர்த்தக்கூடிய குளிர்சாதனப் பெட்டியையும் குறிக்கிறதா என்று வாதிட இடமுண்டு. ஒப்பந்தம் மௌனமாக இருந்தால், உரிமையாளர் இந்த அட்டவணையைச் சுட்டுவார். குடியிருப்பவர் ஒப்பந்தச் சட்டத்தைச் சுட்டுவார். அந்த மௌனத்தைக் கலைப்பதுதான் பட்டியலின் வேலை.

ஒரு கணக்கு

என்னிடம் பொருளியல் படித்த மாணவர் ஒருவர், தம் வீட்டு உரிமையாளருடன் ஏற்பட்ட பிணக்கைச் சில மாதங்களுக்கு முன் என்னிடம் கொண்டுவந்தார். உரிமையாளர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். வெளிநாட்டில் இருக்கும் மகளோடு வசிப்பவர். இருவருமே நேர்மையானவர்கள்தாம். வேளச்சேரியில் இரண்டு படுக்கையறை வீடு. மாத வாடகை 28,000 ரூபாய். முன்பணம் மூன்று மாத வாடகையான 84,000 ரூபாய். 2021 ஜூன் முதல் 2025 மே வரை நான்காண்டுகள் அவர் அங்கே குடியிருந்தார்.

காலி செய்தபோது உரிமையாளர் மூன்று இனங்களுக்குப் பிடித்தம் கேட்டார். சோபாவின் இருக்கைத் துணியைக் குழந்தை பேனாவால் கிறுக்கிக் கிழித்திருந்தது. அதே தரத்தில் புதிய சோபாவின் விலை 40,000 ரூபாய். மெத்தை நடுவில் பள்ளம் விழுந்து கறைபட்டிருந்தது. புதியது 12,000 ரூபாய். டீப்பாயின் மேற்கண்ணாடி கைதவறி உடைந்திருந்தது. மாற்றுவதற்கு 2,500 ரூபாய். ஆக மொத்தம் 54,500 ரூபாய் போக, 29,500 ரூபாய் மட்டும் திருப்பித் தருவதாகச் சொன்னார். குடியிருந்தவருக்கும் ஒரு கோரிக்கை இருந்தது. 2023-ஆம் ஆண்டின் இறுதியில் குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரசர் செயலிழக்க, அவரே 8,500 ரூபாய் செலவிட்டுப் புதிது பொருத்தியிருந்தார்.

ஒப்பந்தத்தோடு இணைத்த தாளில் எந்தப் பொருளுக்கும் வயது இல்லை. நல்வாய்ப்பாக உரிமையாளர் பழைய ரசீதுகளைக் கோப்பில் வைத்திருந்தார். சோபாவும் மெத்தையும் 2017-ஆம் ஆண்டின் நடுவில் வாங்கப்பட்டவை. குளிர்சாதனப் பெட்டி 2014-இல் வாங்கியது. இந்த மூன்று ஆண்டுகள் தெரிந்ததும் பிணக்கு ஒரு கணக்காகச் சுருங்கிவிட்டது.

முதலில் சோபா. அதன் பயனுள்ள ஆயுளைப் பத்தாண்டுகள் என இருவரும் ஏற்றனர். நிறுவனங்கள் சட்டம் 2013, பொதுவான அறைகலன்களின் கணக்கியல் ஆயுளாகப் பத்தாண்டுகளையே தருகிறது. அது வாடகை வீடுகளுக்காக எழுதப்பட்ட விதியன்று. ஆனால் இரு தரப்புக்கும் பொதுவான ஓர் எண் வேண்டும் என்கிறபோது பற்றிக்கொள்ள ஏற்ற கொம்பு. காலி செய்த நாளில் சோபாவுக்கு வயது எட்டு. எஞ்சியிருந்தது பத்தில் இரண்டு பங்கு ஆயுள். இன்றைய விலையான 40,000 ரூபாயில் அதன் மதிப்பு 8,000 ரூபாய். குழந்தையின் கிறுக்கல் தேய்மானமன்று, சேதம். ஆகவே குடியிருந்தவர் பொறுப்பேற்க வேண்டியதே. ஆனால் அவர் அழித்தது எட்டாயிரம் ரூபாய் மதிப்புள்ள பொருளைத்தான். அதோடு, இருக்கைத் துணியை மட்டும் மாற்ற 7,000 ரூபாய் போதும் என்று தையற்காரர் சொன்னார். பழுதுநீக்கச் செலவு, எஞ்சிய மதிப்பு ஆகிய இரண்டில் குறைவானதே நியாயமான ஈடு. எனவே 7,000 ரூபாய்.

உரிமையாளருக்கு 40,000 ரூபாய் கொடுத்தால் என்ன ஆகும்? எட்டு வயதுச் சோபாவுக்குப் பதிலாகப் புத்தம் புதிய சோபா அவருக்குக் கிடைக்கும். முதல் நான்காண்டுகள் அதைப் பயன்படுத்தியவர் அவர். அடுத்த நான்காண்டுகளுக்கு வாடகை வாங்கியவரும் அவர். அதே குடியிருப்பில் அறைகலன்கள் இல்லாத ஒத்த வீட்டின் வாடகை அப்போது 23,000 ரூபாய். ஆக, அறைகலன்களுக்காக மட்டும் மாதம் 5,000 ரூபாய் வீதம் 48 மாதங்களுக்கு 2,40,000 ரூபாயை அவர் பெற்றிருக்கிறார். பொருள்களின் தேய்மானத்துக்கான விலை அந்தக் கூடுதல் வாடகைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அதே தேய்மானத்தை முன்பணத்திலும் பிடித்தால், ஒரே செலவை இருமுறை வசூலிப்பதாகும். இங்கிலாந்தில் வாடகை முன்பணப் பிணக்குகளைத் தீர்க்கும் நடுவர்களும் இதே நெறியைக் கடைப்பிடிக்கிறார்கள்: ஈடு என்பது உரிமையாளரை இழப்புக்கு முந்தைய நிலையில் வைக்க வேண்டுமே தவிர, அதைவிட மேம்பட்ட நிலைக்கு உயர்த்தக் கூடாது.

அடுத்து மெத்தை. அன்றாடம் இருவர் உறங்கும் மெத்தைக்கு எட்டாண்டுகள் என்பதே நிறைவான ஆயுள். நடுவில் பள்ளம் விழுவது உறக்கத்தின் விளைவு, தவறின் விளைவன்று. கறை குடியிருந்தவரின் கவனக்குறைவுதான் என்றாலும், ஆயுள் முடிந்த பொருளில் அழிப்பதற்கு மதிப்பு ஏதும் எஞ்சியிருக்கவில்லை. எனவே பிடித்தம் இல்லை. டீப்பாய்க் கண்ணாடியின் கதை வேறு. கண்ணாடி பயன்பாட்டால் தேய்வதில்லை. உடையாதவரை பத்தாண்டுக் கண்ணாடியும் புதுக் கண்ணாடியும் ஒன்றே. அதனால் அதற்கு ஆயுள் கணக்குப் போடத் தேவையில்லை. 2,500 ரூபாய் முழுவதும் குடியிருந்தவர் பொறுப்பு.

கடைசியாகக் கம்ப்ரசர். ஒன்பது வயதுப் பெட்டியின் கம்ப்ரசர் செயலிழப்பதில் பயன்படுத்துபவரின் தவறு பெரும்பாலும் இராது. குடியிருந்தவர் பழுதைத் தெரிவித்ததும், 'நீங்களே பார்த்து மாற்றிவிடுங்கள் தம்பி, பிறகு பேசிக்கொள்ளலாம்' என்று உரிமையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருந்தது. அந்த வயதுப் பெட்டிக்குப் புதிய கம்ப்ரசர் மூன்றாண்டுகள் கூடுதல் வாழ்வு தரும் என்று மதிப்பிட்டனர். குடியிருந்தவர் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அதன் பயனை நுகர்ந்தார். மீதி ஒன்றரை ஆண்டு உரிமையாளரிடம் தங்கிவிட்டது. கறாராகப் பார்த்தால் முழுச் செலவும் உரிமையாளரையே சேரும் என்று சொல்லலாம். ஆயினும் எழுத்தில் எதுவும் இல்லாத நிலையில், ஆளுக்குப் பாதியாக 4,250 ரூபாய் என்று இருவரும் ஒப்புக்கொண்டனர்.

ஆக, குடியிருந்தவர் தர வேண்டியது 9,500 ரூபாய். அவருக்கு வர வேண்டியது 4,250 ரூபாய். நிகரப் பிடித்தம் 5,250 ரூபாய். திரும்பிய முன்பணம் 78,750 ரூபாய். முதலில் பேசப்பட்ட 29,500 ரூபாய்க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு 49,250 ரூபாய். உரிமையாளர் கோப்பில் அந்த ரசீதுகள் இல்லாமல் போயிருந்தால், யார் உரத்துப் பேசுகிறாரோ, பணம் யார் கையில் இருக்கிறதோ அவர் சொன்னதே கணக்காகியிருக்கும். பணம் எப்போதும் உரிமையாளர் கையில்தான் இருக்கிறது.

பட்டியலில் எழுத வேண்டியவை

பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு செய்திகள் தேவை: அடையாளம், வயதும் மதிப்பும், கண்ணால் கண்ட நிலை, பொறுப்பு.

அடையாளம் என்பது நிறுவனப் பெயர், மாதிரி எண், வரிசை எண். இது முதன்மையாக உரிமையாளரைக் காப்பது. 'ஏ.சி. - 1' என்று மட்டும் எழுதியிருந்தால், காலி செய்யும்போது சுவரில் இருப்பது அவர் கொடுத்த ஏ.சி.தானா என்று அவரால் நிறுவ முடியாது. வரிசை எண் பொறித்த ஒட்டுத்தாளை ஒரு படம் எடுத்து வைத்தால் போதும்.

வயதுக்கு ரசீது இருந்தால் நன்று. இல்லையெனில், பல மின்சாதனங்களின் ஒட்டுத்தாளில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும், அதையே எழுதலாம். பக்கத்திலேயே, இருவரும் ஏற்ற ஆயுளையும் இன்றைய மதிப்பையும் குறித்துவிட வேண்டும். குடிவரும் நாளில் இது ஐந்து நிமிடப் பேச்சு. காலி செய்யும் நாளில் இதே எண்ணுக்காக இரு குடும்பங்கள் பகைத்துக்கொள்கின்றன. எண்ணை முன்கூட்டியே தீர்மானிப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. யாருக்கு அது சாதகமாகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

நிலையை எழுதும்போது 'நல்ல நிலை' என்ற சொற்களைத் தவிர்க்க வேண்டும். அது தீர்ப்பு, வேண்டியது சாட்சியம். 'இடக் கைப்பிடியில் ஒரு ரூபாய் நாணய அளவில் கறை', 'அலமாரியின் வலக்கதவு முழுமையாக மூடவில்லை' என்று கண்டதை எழுத வேண்டும். மின்சாதனங்களைப் பார்த்தால் போதாது. இயக்கிப் பார்க்க வேண்டும். ஏ.சி. இருபது நிமிடங்களில் அறையைக் குளிர்விக்கிறதா, சலவை இயந்திரம் ஒரு முழுச் சுற்றை முடித்துத் தண்ணீரை வெளியேற்றுகிறதா என்று இருவரும் இருக்கும்போதே சோதிக்க வேண்டும். அப்படியும் சில குறைகள் புழங்கும்போதுதான் தெரியும். ஆகவே, குடிவந்த ஏழு நாள்களுக்குள் குடியிருப்பவர் எழுத்தில் தெரிவிக்கும் குறைகள் பட்டியலின் பகுதியாகும் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

பொறுப்பைப் பிரிப்பதில்தான் பொருளியல் நுட்பமாகத் தலையிடுகிறது. எல்லாப் பழுதும் குடியிருப்பவர் செலவு என்று எழுதினால், சாகும் தறுவாயில் இருக்கும் பழைய பொருள்களை வீட்டில் நிரப்பி, அவற்றின் இறுதிச் செலவைப் பிறர் தலையில் கட்ட உரிமையாளருக்குத் தூண்டுதல் ஏற்படும். எல்லாம் உரிமையாளர் செலவு என்று எழுதினால், ஏ.சி.யின் வடிகட்டியைத் துடைக்கவோ, சலவை இயந்திரத்தில் அளவுக்கு மீறித் துணி திணிப்பதைத் தவிர்க்கவோ குடியிருப்பவருக்குக் காரணம் இல்லாமல் போகும். எனவே, பழுதின் காரணம் எவருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அவரிடமே செலவும் இருக்க வேண்டும்.

நடைமுறையில் இதை நான்கு வாக்கியங்களில் எழுதிவிடலாம். அன்றாடப் பராமரிப்பும், ஒரு முறைக்கு 1,500 ரூபாய் போன்ற ஒரு வரம்புக்குட்பட்ட சிறு பழுதுகளும் குடியிருப்பவர் பொறுப்பு. வயதாலோ உள்ளுறுப்புச் செயலிழப்பாலோ வரும் பெரும் பழுதும் மாற்றீடும் உரிமையாளர் பொறுப்பு. தெரிவித்த பத்து நாள்களுக்குள் அவர் செய்யாவிட்டால், குடியிருப்பவர் செய்துகொண்டு ரசீதைக் காட்டி வாடகையில் கழித்துக்கொள்ளலாம். தவறான பயன்பாட்டால் வரும் சேதத்துக்குக் குடியிருப்பவர், பழுதுநீக்கச் செலவு அல்லது எஞ்சிய மதிப்பு, இரண்டில் குறைவானதைத் தர வேண்டும். வயதா, தவறான பயன்பாடா என்பதில் கருத்து வேறுபட்டால், அந்த நிறுவனத்தின் பழுதுநீக்குநர் எழுதித் தரும் குறிப்பை இருவரும் ஏற்பதாகச் சேர்த்துக்கொள்ளலாம். மின்னழுத்த ஏற்றத்தாழ்வால் சாதனம் எரிந்துபோனால் யார் பொறுப்பு என்பதையும் எழுதுவது நல்லது. ஸ்டெபிலைசர் பொருத்தித் தந்திருந்தாரா, அதைக் கழற்றி வைத்தது யார் என்பதைப் பொறுத்தே அது அமையும்.

புதுப்பிக்கும்போது ஒரு பொறி

பெரும்பாலான ஒப்பந்தங்கள் பதினொரு மாதங்களுக்கு எழுதப்பட்டுப் பிறகு புதுப்பிக்கப்படுகின்றன. ஆவண எழுத்தர் பழைய கோப்பைத் திறந்து, தேதியையும் வாடகையையும் மட்டும் மாற்றி அச்சிடுகிறார். அதே பட்டியல், அதே 'நல்ல நிலையில் ஒப்படைக்கப்பட்டன' என்ற வரி, புதிய தேதியோடு. நான்காண்டு குடியிருந்தவர் இப்படி நான்கு முறை கையொப்பமிட்டிருந்தால், கடைசி ஆண்டின் தொடக்கத்திலும் சோபா பழுதின்றி இருந்ததாக அவரே சான்றளித்ததாகிவிடும். முந்தைய ஆண்டுகளின் தேய்மானம் ஒரு கையொப்பத்தில் காணாமல் போகும். மாறாக, இடையில் உரிமையாளர் புதிய மெத்தை வாங்கித் தந்திருந்தால், அதன் இளவயது பட்டியலில் ஏறாமல் அவருக்கு இழப்பு நேரும். இதைத் தவிர்க்க, 'முதல் ஒப்பந்தத்தின்போது இன்ன தேதியில் கையொப்பமிட்ட பட்டியலே தொடரும். இடையில் மாற்றப்பட்டவை பின்வருமாறு' என்று எழுதினால் போதும். பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையொப்பமிட வேண்டும். ஒப்பந்தத்தின் உள்ளேயும் அதை ஓர் அட்டவணையாகப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும்போது, அதுவும் உடன்செல்ல வேண்டும்.

காலி செய்வதற்குப் பத்து நாள்களுக்கு முன்பே இருவரும் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்ப்பது நன்று. குறைகள் அப்போதே தெரிந்தால், குடியிருப்பவர் தம் செலவில், தமக்குத் தெரிந்த ஆளைக்கொண்டு சரிசெய்துகொள்ள அவகாசம் கிடைக்கும். சாவியைக் கொடுத்த பிறகு வரும் பிடித்தப் பட்டியலை யாராலும் சோதிக்க முடியாது.

அறைகலன்களோடு வீடு எடுப்பவர் செங்கல் சுவரோடு சேர்த்துச் சில பொருள்களின் ஆயுளில் ஒரு பகுதியையும் விலைக்கு வாங்குகிறார்; அந்த விலையை மாதந்தோறும் செலுத்திவிடுகிறார். அவர் வாங்கியது எத்தனையாவது ஆண்டு முதல் எத்தனையாவது ஆண்டு வரை என்பதைப் பட்டியல் சொல்ல வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் கையொப்பமிட இருப்பவர்கள், உரிமையாளராயினும் குடியிருப்பவராயினும், கடைசித் தாளைப் புரட்டி, ஒவ்வொரு பொருளுக்கும் எதிரில் அது வாங்கிய ஆண்டு இருக்கிறதா என்று பார்க்கட்டும். இல்லையென்றால், எழுதிய பிறகு கையொப்பமிடட்டும்.